செட்டிநாடு சைடிங்: நாலாவது ஆணியில் இருந்த முழங்கை

என் மாதிரி ரயில் பாதையில் மூன்று ஞாயிற்றுக்கிழமை போனது. லோகோ ஓடுகிறது, வேகன்களை இழுத்தாலும் ஓடுகிறது. உரக் கிடங்குப் பக்கம் தள்ளினால் மட்டும் மூடிய பிசிஎன் வேகன்களில் இரண்டாவது ஒரே இடத்தில் தடம்விட்டு இறங்கிவிடும். சக்கரம் அனுப்பியவரைத் திட்டித் தீர்த்தேன். பாவம், அவர்மேல் தப்பே இல்லை.

செட்டிநாடு ஸ்டேஷனிலிருந்து பிரியும் ஒரு கற்பனை சைடிங், 1:87 அளவில். நிஜத்தில் போட்டால் எப்படிப் போடுவார்களோ அப்படியே டிசைன் எழுதிக்கொண்டு செய்கிறேன். பிராட்கேஜ் வளைவுக்கு எல்லை 10 டிகிரி, அதாவது 175 மீட்டர் ஆரம். 87-ஆல் வகுத்தால் 2 மீட்டர். கடைகளில் கிடைக்கும் அரை மீட்டர் வளைவுகளைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது நேர்கோடு மாதிரித் தெரியும். 8 டிகிரி, அதாவது 218 மீட்டர் ஆரத்திலேயே, உள் ரயிலை ஒட்டி நின்று சக்கரத்தைத் தடத்தில் பிடித்து வைக்கும் செக் ரயில் தேவைப்பட்டுவிடும். அதற்கும் சற்று நீண்ட ஆரம் வைத்து அந்த வேலையைத் தவிர்க்கத்தான் நினைத்தேன், ஆனால் எங்கள் வீட்டு வளவின் தூண் குறுக்கே வந்தது. எனவே 175. வெளி ரயிலை உயர்த்தும் கேன்ட் கொடுக்கவில்லை. 15 கிலோமீட்டர் வேகத்துக்குக் கணக்குப் போட்டால் 18 மில்லிமீட்டர்தான் வருகிறது, அதை விட்டுவிடலாம்.

தடம் புரண்ட இடத்தில் கேஜ் சரி, மட்டம் சரி. கண்ணை ரயிலோடு ஒட்டிப் பார்த்தாலும் வளைவு அழகாகவே இருந்தது. கடைசியில் பழைய முறைக்குப் போனேன்: வளைவின் இரண்டு புள்ளிகளுக்கிடையே நூலை நாணாகக் கட்டி, நட்டநடுவில் ரயில் நூலிலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறது என்ற வெர்சைனை எடுப்பது.

v = 125 × C² ÷ R

நாண் C, ஆரம் R மீட்டரில், வெர்சைன் v மில்லிமீட்டரில். 20 மீட்டர் நாணுக்கு 175 ஆரத்தில் 286 வர வேண்டும். என் அளவில் நாண் 230 மில்லிமீட்டர், வெர்சைன் 3.3. தையல் நூல் இதற்கு ஆகாது, பஞ்சு பிரிந்து அரை மில்லி பொய் சொல்கிறது. மெல்லிய தூண்டில் நரம்பை இழுத்துக் கட்டி, வெர்னியரால் வெளி ரயிலின் உள்முகத்துக்கு அளந்தேன். 115 மில்லிக்கு ஓர் ஆணி. இரண்டிலிருந்து ஆறு வரை வந்தவை 3.3, 2.9, 4.1, 2.8, 3.3.

நாலாவது ஆணி 4.1! நிஜ அளவில் அது 357, ஆரமோ 140 மீட்டர். 10 டிகிரி எல்லை வைத்துக்கொண்டு 12.5 டிகிரியில் வேகனைத் தள்ளிக்கொண்டிருந்திருக்கிறேன்.

இதில் ஒரு தவறு செய்தேன். இரண்டு பக்கமும் குறைகிறதே என்று மூன்றையும் ஐந்தையும் வெளியே தள்ளினேன். அவை சரியாகி, இரண்டாவதும் ஆறாவதும் கெட்டன. அப்புறம்தான் உறைத்தது: ஓர் ஆணியை நகர்த்தினால் அதன் வெர்சைன் அதே அளவு மாறும், பக்கத்து இரண்டும் எதிர்த்திசையில் பாதி மாறும். மொத்தக் கூட்டுத்தொகை மாறவே மாறாது. என் ஐந்தின் கூட்டல் 16.4, வர வேண்டியதும் ஐந்து முறை 3.28, அதே 16.4. அதாவது வளைவு மொத்தத்தில் சரி, ஓர் இடத்தில் மட்டும் முழங்கை. தள்ளியதைத் திருப்பி வைத்துவிட்டு, நாலாவதை மட்டும் 0.8 உள்ளே இழுத்தேன். 3.3, 3.3, 3.3, 3.2, 3.3.

காரணம், அங்கே இரண்டு ரயில் முனைகளைத் தகடு வைத்து இணைக்கும் ஃபிஷ்பிளேட் ஜாயின்ட். ரயிலின் முனை வளையாமல் நேராக நிற்கப் பார்க்கும், இரண்டு முனையும் சேர்ந்து வெளியே துருத்தும். நிஜப் பாதையிலும் இதே நோய்தான். நான் இரண்டு ரயில் ஜாயின்டையும் எதிரெதிரே வைத்ததால் இரட்டிப்பாகிவிட்டது. கூர்மையான வளைவில் அவற்றை மாற்றி மாற்றி வைப்பது ஏன் என்று இப்போது புரிகிறது.

ஜல்லிக்கு வருவோம். ஆக்சிலுக்கு 22.9 டன் என்று வைத்துக்கொண்டேன். பாதிச் சுமையை ஒரு ஸ்லீப்பர் வாங்குவதாக எடுத்தால், ஒரு ரயிலுக்கு அடியில் 5.7 டன். ஜல்லி 150 மில்லி கனமாக இருந்தால் மண்ணில் சதுர மீட்டருக்குச் சுமார் 12 டன் அழுத்தம், 250 மில்லி என்றால் 9-க்குள். ஓடாத கணக்கு இது, ஓடும்போது இன்னும் கூடும். கண்மாய்க் கரிசலில் மழைக்காலத்தில் இந்த வித்தியாசம்தான் சேறு பீறிடுவதைத் தீர்மானிக்கும், அதனால் 250. நம்மூர் செம்புறாங்கல் கைக்கு எட்டும் தூரத்தில் கிடைத்தாலும் ஜல்லிக்கு உதவாது, நசுங்கி மாவாகி வடிகாலை அடைத்துவிடும். அடிப்படுகைக்கு மட்டும் வைக்கலாம்.

நிஜ ஜல்லி 20 முதல் 65 மில்லி. என் அளவில் கால் முதல் முக்கால் மில்லி. புதுக்கோட்டைப் பக்கக் கிரஷரில் ஒரு பை டஸ்ட் வாங்கி மாவுச் சல்லடையில் சலித்தேன். "கப்பி சலிக்கவாடா என் சல்லடை?" என்று அப்பத்தா பிடுங்கிக்கொண்டார். புதிதாக ஒன்று வாங்க வேண்டும், சலித்ததில் பாதி வளைவுக்குத்தான் காணும்.

செக் ரயில் இன்னும் போடவில்லை. 44 மில்லி இடைவெளி எனக்கு அரை மில்லி. அந்தக் கனத்தில் பித்தளைத் தகடு தேடுகிறேன், இடையில் செருகி இடைவெளி பிடிக்க.