கிரிக்கெட் கையோடு வரும் பிள்ளைகளுக்கு சொஃப்ட்போல்: மலையகப் பாடசாலை மைதானத்தில் செய்து பார்த்தவை

தரம் 7, 8 பிள்ளைகள் சொஃப்ட்போலுக்கு வெறுங்கையோடு வருவதில்லை. லயத்து வாசலில் பழகிய கிரிக்கெட்டும், புத்தாண்டு விளையாட்டுப் போட்டிகளில் பார்த்த எல்லேயும் கூடவே வருகின்றன. பந்தைப் பிடிக்கவும் எறியவும் அவை உதவுகின்றன. ஓடும்போதும் அடிக்கும்போதும் பிட்ச் பண்ணும்போதும் அவையே குறுக்கே நிற்கின்றன. எந்தப் பழக்கம் எங்கே தடுக்கிறது, அதற்கு என்ன செய்தால் சரி வருகிறது என்பதுதான் இந்தக் குறிப்பு.

முதலில் மைதானம். மலையை வெட்டிச் சமப்படுத்திய நிலம் என்பதால் பெரும்பாலும் ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் தேயிலைக்குள் இறங்கும் சரிவு. மேட்டுப் பக்கம் முதுகு காட்டி, அடிப்பவர் நிற்கும் ஹோம் பிளேட்டை வைக்கத்தான் எவருக்கும் தோன்றும், கேட்ச்சர் தவறவிடும் பந்து மேட்டில் பட்டு நின்றுவிடும் அல்லவா. ஆனால் அப்படி வைத்தால் அடிபட்ட பந்தெல்லாம் தேயிலைக்குள் போகிறது, பாடவேளையில் பாதி பந்து தேடுவதிலேயே கழிகிறது. ஹோம் பிளேட்டைச் சரிவுப் பக்கம் வைத்து, அதற்குப் பின்னால் இரண்டு கம்புகளுக்கு இடையே ஐந்து மீட்டர் அகலத்தில் பழைய வலையோ, பிரித்துத் தைத்த உரச்சாக்கோ கட்டிவிடுவது நல்லது. தவறிய பந்து ஒரே திசையில்தான் போகும், அதை வலை மறிக்கும். அடித்த பந்து எங்கும் போகும், அதை மேடு மறிக்கும்.

பேஸுக்கு இடையே விதிப்படி 60 அடி, அதாவது ஏறத்தாழ 18.3 மீட்டர். இந்த வயதுக்கும் இடத்துக்கும் 15 மீட்டர் போதும். பேஸாகச் சாக்கைப் போட்டால் ஈரப் புல்லில் வழுக்கிக்கொண்டு போகும். பழைய றப்பர் கால்மிதியைச் சொரசொரப்பு கீழே வரும்படி, புல் தேய்ந்த மண்ணில் போடுவது பாதுகாப்பு. சறுக்கி விழுந்து பேஸ் தொடுவதை இந்தக் கட்டத்தில் கற்றுக்கொடுக்கவே வேண்டாம்.

பந்து 11 அங்குலச் சுற்றளவுள்ள மென்பந்து. உறை இல்லாத ஸ்பொஞ்சுப் பந்து தூறலில் நீர் குடித்துக் கனத்துவிடும். காலையில் எறிந்த அதே பந்து பத்து மணிக்குப் பாதித் தூரம்கூடப் போகாது. மேலே உறை போட்ட பந்துதான் இந்த ஊருக்குச் சரி. மஞ்சள் அல்லது செம்மஞ்சள் நிறமாக இருந்தால் மூடுபனி இறங்கினாலும் தெரியும்.

பிட்ச்சிங்கை முதலில் எடுத்தால் ஆட்டமே நடக்காது, பந்து பிளேட்டுக்கு வந்து சேராது. அதனால் ஓட்டத்தில் தொடங்கினோம். பந்தே இல்லாமல், மட்டையை வீசுவதுபோல் பாவனை செய்துவிட்டு முதலாம் பேஸுக்கு ஓடுவது முதல் பயிற்சி. அப்போதே இரண்டு பழக்கங்கள் தெரிந்துவிடும். ஒன்று, மட்டையைக் கையில் பிடித்துக்கொண்டே ஓடுவது. கிரிக்கெட்டில் மட்டை கோட்டுக்கு அப்பால் தரையைத் தொட்டால் போதும், இங்கே கால் பேஸைத் தொட வேண்டும். மட்டையைப் போடு என்றால் பின்னால் வீசி எறிவார்கள், அது இன்னும் ஆபத்து. ஹோம் பிளேட்டுக்குப் பக்கத்தில் ஒரு பழைய டயரை வைத்து, ஓடும் முதல் எட்டில் மட்டையை அதற்குள் விட வேண்டும், வெளியே விழுந்தால் அவுட் என்று வைத்தபின் அந்தப் பிரச்சினை அநேகமாக இல்லை.

இரண்டாவது பழக்கம், பேஸ் நெருங்கும்போது வேகத்தைக் குறைத்து அதன்மேல் போய் நிற்பது. அடித்தவர் முதலாம் பேஸைத் தொட்டுவிட்டுத் தாண்டி ஓடலாம், இரண்டாம் பேஸுக்குப் போக முனையாமல் நேரே திரும்பி வந்தால் அவுட் ஆக்க முடியாது. ஆகவே கடைசி மூன்று மீட்டரில் குறைக்கும் வேகம் முழுவதும் வீண். பேஸுக்கு நான்கு மீட்டர் அப்பால் ஒரு கோடு போட்டு, ஓட்டம் அந்தக் கோட்டில்தான் முடிகிறது என்று சொல்லுங்கள். பேஸின் முன் விளிம்பில் கால் பட வேண்டும், துள்ளிப் பாயக் கூடாது. துள்ளினால் காற்றில் இருக்கும் நேரத்தில் எறிந்த பந்து வந்துவிடும். அங்கே ஓடுபவரும் பந்து பிடிப்பவரும் மோதிக்கொள்வதால் இரண்டு கால்மிதிகளை ஒட்டி வைத்து, உள்ளே இருப்பது பிடிப்பவருக்கு, ஹோம் பிளேட்டிலிருந்து வரும் பேஸ் கோட்டுக்கு வெளியே இருப்பது ஓடுபவருக்கு என்று பிரித்துவிட வேண்டும். பெரிய ஆட்டங்களிலும் இந்த இரட்டை பேஸ் உண்டு.

பந்தோடு விளையாடத் தொடங்கியதும் வரும் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: “சேர், பந்து சரியாப் படல, பக்கத்துலதான் விழுந்துச்சு. எதுக்கு ஓடணும்?” கிரிக்கெட்டில் ஓடுவதும் ஓடாததும் அடித்தவர் விருப்பம். இங்கே முதலாம், மூன்றாம் பேஸ் கோடுகளுக்குள் அடித்தால் ஓடியே ஆக வேண்டும். முதலாம் பேஸில் ஏற்கெனவே ஒருவர் நின்றால் அவருக்கும் விருப்பம் கிடையாது. இதை வாயால் விளக்கினால் தலையாட்டுவார்கள், ஆட்டத்தில் மறந்துவிடுவார்கள். நடந்து காட்ட வேண்டும்.

இப்படி வைத்தோம்: முதலாம் பேஸில் ஒரு பிள்ளை, ஹோம் பிளேட்டில் அடிப்பவர். பந்தை ஆசிரியர் கையால் இரண்டாம் பேஸுக்கும் மூன்றாம் பேஸுக்கும் நடுவே உருட்டிவிடுகிறார். அடிப்பவர் முதலாம் பேஸுக்கு ஓடுகிறார். அங்கே இருவருக்கு இடமில்லை, எனவே நின்றவர் இரண்டாம் பேஸுக்குப் போகத்தான் வேண்டும். பந்தெடுத்தவர் அதை இரண்டாம் பேஸில் நிற்கும் தோழருக்கு எறிகிறார். அவர் பந்தோடு பேஸில் கால் வைத்தால் போதும், வருபவர் அவுட், உடம்பில் தொட வேண்டியதில்லை. இதே காட்சியை முதலாம் பேஸில் ஆள் இல்லாமல், இரண்டாம் பேஸில் மட்டும் ஆள் வைத்துத் திரும்ப நடத்தினால், அந்த ஓட்டக்காரர் நின்ற இடத்திலேயே நிற்கலாம். ஓடினால் அவரைப் பந்தோடு தொட்டுத்தான் அவுட் ஆக்க முடியும். பிள்ளைகளுக்கு ஒரே கேள்வியைக் கொடுத்தோம்: “எனக்குப் பின்னாடி இருக்கிற எல்லா பேஸிலயும் ஆள் இருக்கா?” இருந்தால் உருளும் பந்துக்கு ஓடணும். இல்லாவிட்டால் யோசிக்கலாம். பந்து உயரே போனால் மட்டும் காத்திருக்க வேண்டும், பிடித்துவிட்டால் திரும்ப வந்து பேஸைத் தொட்டாக வேண்டும்.

எல்லே பழக்கம் இங்கேதான் தலைகாட்டும். ஓடுபவர்மேல் பந்தை எறிந்து அவுட் ஆக்கப் பார்ப்பார்கள், மென்பந்து என்பதால் தயக்கமும் இருக்காது. அப்படி எறிந்தால் ஓடுபவருக்கு ஒரு பேஸ் இலவசம் என்று வகுப்பு விதி ஒன்று வைத்தால் போதும்.

மட்டை வீச்சைப் பந்துத் தாங்கியில் பழக்கினோம். சிமெந்து ஊற்றிய பெயின்ட் டின்னில் நட்ட பிவிசி குழாய், உச்சியில் சைக்கிள் டியூப்பில் வெட்டிய ஒரு துண்டு, அதன்மேல் பந்து. குழாயின் உயரம் பிள்ளையின் இடுப்பளவு. தாங்கியை உடம்புக்கு நேரே வைக்கக் கூடாது, முன்காலுக்கு நேரே வைக்க வேண்டும். உடம்புக்கு நேரே வைத்தால் கை மடங்கிய நிலையிலேயே பந்து படும், பலம் ஏறாது. கிரிக்கெட் ஆடுபவர்கள் மட்டையை மேலிருந்து கீழாக நேர்கோட்டில் இறக்குவார்கள், முன் முழங்கை உயரும், பந்து காலடியில் விழும். இரண்டு கைகளிலும் விரல்களின் நடு முட்டிகள் ஒரே வரிசையில் வரும்படி பிடிக்கச் சொன்னால் முழங்கை தானாக இறங்கி, வீச்சு கிடையாக வரத் தொடங்குகிறது. மட்டை குழாயில் அடித்தால் பின்தோள் தாழ்கிறது என்று பொருள். பந்தின் தலையில் பட்டு அது தரையில் குத்தினால், தலை சீக்கிரமாக நிமிர்ந்துவிட்டது. காத்திருப்பவர்கள் ஏழு மீட்டர் தள்ளி, கோட்டுக்குப் பின்னால். இதில் மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது.

லெக் பக்கம் தட்டிவிட்டு ஓட்டம் எடுப்பவர்களுக்கு ஒரு ஏமாற்றம் காத்திருக்கிறது. பின்னால் போவதெல்லாம் ஃபவுல், முதல் இரண்டு தடவை அது ஸ்ட்ரைக் கணக்கு.

கடைசியாக பிட்ச்சிங். கையை முழு வட்டம் சுழற்றுவதைப் படத்தில் பார்த்த பிள்ளைகள் அதைத்தான் கேட்பார்கள். அதைத் தள்ளிப்போட்டு, ஊஞ்சல்போல் பின்னே போய் முன்னே வரும் கைவீச்சில் தொடங்குவது நல்லது, பந்தை விடும் இடம் இரண்டுக்கும் ஒன்றேதான். சுவரில் ஒரு பிள்ளையை நிறுத்தி, முழங்கால் மேற்பகுதியிலிருந்து அக்குள் வரை உயரமும் 43 சென்ரிமீட்டர் அகலமுமாக ஒரு கட்டம் வரைந்தோம். அகலம் ஹோம் பிளேட்டின் அகலம். ஆறு மீட்டரில் தொடக்கம். பத்துக்கு ஆறு கட்டத்துக்குள் பட்டால் ஒரு மீட்டர் பின்னே, நாலுக்குக் குறைந்தால் ஒரு மீட்டர் முன்னே. பத்து மீட்டருக்கு அப்பால் இந்த வயதில் அவசரமில்லை.

வகுப்பில் வேகமாகப் பந்து வீசும் பிள்ளைதான் இங்கே அதிகம் தடுமாறுவார். அப்படி ஒருவரின் பிட்ச்கள் எல்லாம் பிளேட்டுக்கு ஒரு மீட்டர் முன்னால் குத்தின. கிரிக்கெட்டில் குத்தி எழும்புவதுதான் நல்ல பந்து, இங்கே அடிப்பவர் மட்டையை வீசாவிட்டால் அது ‘போல்’ என்ற தவறான பிட்ச்சாகக் கணக்கு. கை இன்னும் கீழ்நோக்கி வரும்போதே பந்தை விடுகிறார் என்பதுதான் காரணம். பிந்தி விடச் சொன்னதும் பந்து தலைக்கு மேலே போனது, கை மேலே ஏறும்போது விடுகிறார். ‘முந்தி, பிந்தி’ என்ற சொற்கள் அவருக்கு உதவவில்லை. முன்கை இடுப்பில் உரசும் கணத்தில் விடு என்று தொடு அடையாளம் ஒன்றைக் கொடுத்தபோதுதான் உயரம் சீரானது.

ஆனால் கை இடுப்பில் உரசவே மறுத்தது. பந்துவீச்சில் முழங்கையை மடக்கி நிமிர்த்தினால் ‘எறிகிறான்’ என்று நோபோல் வரும் என்ற பயத்தில் கையை இரும்புக் கம்பியாக வைத்திருந்தார். சொஃப்ட்போலில் அந்தத் தடை கிடையாது. கை இடுப்புக்குக் கீழே இருக்க வேண்டும், மணிக்கட்டு முழங்கையைவிட உடம்பிலிருந்து விலகிப் போகக் கூடாது, அவ்வளவுதான். முழங்கையைச் சற்றுத் தளர்த்தி, இரண்டு மீட்டர் தூரத்தில் மணிக்கட்டால் மட்டும் பந்தைச் சுண்டிவிடும் பயிற்சியைக் கொடுத்த பிறகு உரசல் வந்தது.

மிச்சமிருந்தது பக்கவாட்டு விலகல். பிட்ச்சரிடமிருந்து பிளேட்டுக்கு நேர்கோடு ஒன்றை மண்ணில் கீறினோம். எட்டு வைக்கும் கால் (வலது கைக்காரருக்கு இடது கால்) அந்தக் கோட்டில் இறங்க வேண்டும். கோட்டை வெட்டிக் குறுக்கே வைத்தால் இடுப்பு வழிமறிக்கும், கை அதைச் சுற்றி வரும், பந்து திசை மாறும். ஈர மண்ணில் கால்தடம் பதிவதால் ஒவ்வொரு பிட்ச்சுக்கும் தவறு எங்கே என்று பிள்ளையே குனிந்து பார்த்துக்கொள்கிறார். சிறிய கைகளுக்கு மூன்று விரல் பிடி போதாது, நான்கு விரலாலும் பிடிக்க விடுங்கள்.

பிட்ச் நிலையானதும் ஆட்டத்தில் ஓட்ட விதி ஒன்று சேரும்: பிட்ச்சரின் கையைவிட்டுப் பந்து போகும்வரை ஓட்டக்காரரின் கால் பேஸில் இருக்க வேண்டும். கிரிக்கெட்டில் எதிர்முனையில் நிற்பவர் முன்கூட்டியே நகர்ந்து பழகியிருப்பதால், இதைக் கவனிக்கவென்றே ஒரு பிள்ளையை நடுவராக ஒவ்வொரு பேஸிலும் நிறுத்துகிறோம். அவர் பார்க்க வேண்டியது பேஸில் இருக்கும் காலை. பந்து புறப்பட்டதை ஆசிரியர் “போச்சு” என்று சத்தமாகச் சொல்கிறார், அதற்கு முன் கால் எழும்பினால் அந்த ஓட்டக்காரர் அவுட்.