22 கணினிகளை ஒப்படைத்துவிட்டு வெளியே வர எனக்கு ஆன 5 நாட்கள்

திங்கட்கிழமை முடிந்திருக்க வேண்டிய வேலை. நோ டியூஸ் சான்றிதழ் கைக்கு வந்தபோது வெள்ளிக்கிழமை மாலை ஆகிவிட்டது. 9 வருடம் பள்ளிக் கணினி ஆய்வகத்தில் உதவியாளராக இருந்துவிட்டுக் கிளம்பும்போது, ஒரு ரேம் எங்கே என்று கேட்டு நிறுத்தி வைத்தார்கள்.

நாற்காலி, மேசை, மானிட்டர், கீபோர்டு எல்லாம் அரை மணி நேரத்தில் சரிபார்த்தாயிற்று. அப்புறம் அலுவலக உதவியாளர் பழைய பில்லின் இணைப்புத் தாளை எடுத்தார். கணினிகள் வாங்கியபோது ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் இருக்கும் ரேமின் ஸ்டிக்கர் எண்ணைக் கடைக்காரர் அதில் எழுதிக் கொடுத்திருக்கிறார். அப்படி ஒரு தாள் இருப்பதே எனக்கு அன்றுவரை தெரியாது. 7-ஆம் எண் பெட்டியைத் திறக்கச் சொன்னார்.

"ஏம்மா, இதுல இருக்கிற ரேம் 7-ஓடது இல்லையே. 15-ஓடது இங்க வந்திருக்கு. அப்போ 7-ஓடது எங்க?"

அவர் கேட்டதில் தவறில்லை. ஒரு கணினி பீப் அடித்து நின்றால் பக்கத்துப் பெட்டியிலிருந்து ரேமைக் கழற்றிப் போட்டு வகுப்பை ஓட்டியிருக்கிறேன். முதல் 4 வருடம் அதை எங்கேயும் எழுதி வைக்கவில்லை. "எல்லாம் தேடிக் கணக்குக் காட்டுங்க, அப்புறம் கையெழுத்துப் போடலாம்" என்று சொல்லிவிட்டார்.

பெட்டிகளைத் திறக்காமல் முடித்துவிடலாம் என்று நினைத்து, ரேமின் எண்ணையும் கணினியின் எண்ணையும் கேட்கும் இந்த இரண்டு கட்டளைகளை ஒவ்வொரு கணினியிலும் ஓட்டினேன்:

```
wmic memorychip get capacity,serialnumber
wmic bios get serialnumber
```

அரை நாள் போனதுதான் மிச்சம். ரேமின் உள்ளே பதிந்திருக்கும் எண்ணும் மேலே ஒட்டிய ஸ்டிக்கர் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. எங்களுடையவற்றில் ஒன்றுகூடப் பொருந்தவில்லை. இரண்டாவது கட்டளைக்கு எல்லாக் கணினியிலும் To be filled by O.E.M. என்றே வந்தது. கடையில் அசெம்பிள் செய்து வாங்கிய கணினிகளில் இது சகஜம். கடைசியில் 22 பெட்டியையும் திறந்து, டார்ச் அடித்து ஸ்டிக்கரைப் படித்தேன். 21 ரேம் கிடைத்தது. மீதி ஒன்று எப்போதோ செத்துப்போய், ஸ்டோர் ரூமில் பழைய சாமான்கள் போட்டு வைத்த அட்டைப்பெட்டியின் அடியில் கிடந்தது. அதற்குப் பதில் வாங்கிய ரேமின் பில் என் கோப்பிலேயே இருந்தது. செத்த ரேமைக் கையில் எடுத்தபோது வந்த நிம்மதியைச் சொல்ல முடியாது.

இந்த வேலையில் இருப்பவர்கள் ஒன்றைச் செய்யுங்கள். செத்த பொருளைத் தூக்கி எறியாதீர்கள். ஒரு கவரில் போட்டு, எந்தக் கணினியிலிருந்து எந்தத் தேதியில் எடுத்தது என்று எழுதி, பதிவேட்டிலிருந்து கழிக்கும் வரை வைத்திருங்கள்.

பெட்டிகளைத் திறந்து வைத்திருந்த அந்த இரண்டு நாளில்தான், அடுத்து வரும் தம்பிக்கான குறிப்பை எழுதி முடித்தேன். நான் சேர்ந்தபோது எனக்கு யாரும் எதுவும் எழுதி வைக்கவில்லை, சாவிக்கொத்து மட்டும்தான் கிடைத்தது. அதனால் குறிப்பின் முதல் பக்கம் முழுவதையும் மதர்போர்டில் இருக்கும் பட்டன் பேட்டரிக்கே கொடுத்துவிட்டேன். சிஆர்2032 என்ற அந்த வட்ட பேட்டரியால் நான் பட்ட பாடு அப்படி.

ஒரு பிப்ரவரி மாதம், பிளஸ் டூ செய்முறைத் தேர்வுக்கு 5 நாள் முன்பு, 11-ஆம் எண் கணினி CMOS checksum error என்று காட்டி நின்றது. F1 அழுத்தியதும் விண்டோஸ் 7 சின்னம் வந்தது, உடனே நீலத்திரை மின்னி மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது. வெளியிலிருந்து வந்த மெக்கானிக் ஹார்ட் டிஸ்க் போய்விட்டது என்றார். எடுத்துக்கொண்டு போய் இரண்டு நாள் கழித்து, அதே டிஸ்கில் விண்டோஸைப் புதிதாகப் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். பிள்ளைகள் அந்த வருடம் சேமித்திருந்த பைத்தான் நிரல்கள் அத்தனையும் போய்விட்டன. ஒரு மாணவி ரெக்கார்டு நோட்டைப் பார்த்து எல்லாவற்றையும் திரும்ப அடித்தாள்.

அடுத்த மாதம் 4-ஆம் எண் கணினியிலும் அதே கதை. இந்த முறை மெக்கானிக்கைக் கூப்பிடவில்லை. நீலத்திரை மின்னுவதை மொபைலில் வீடியோ எடுத்து நிறுத்திப் பார்த்தேன். 0x0000007B என்று இருந்தது. விண்டோஸ் தான் இருக்கும் டிஸ்கையே அணுக முடியாமல் திணறுகிறது என்று அதற்கு அர்த்தம். Delete அழுத்தி, விண்டோஸுக்கு முன்பே ஓடும் மதர்போர்டின் அமைப்பு நிரலான பயாஸுக்குள் போனால் தேதி பல வருடம் பின்னால் இருந்தது, டிஸ்கோடு போர்டு பேசும் முறையைக் குறிக்கும் SATA Mode என்ற இடத்தில் IDE என்று இருந்தது. பக்கத்துக் கணினியில் பார்த்தேன், அங்கே AHCI. அதே மாதிரி மாற்றி, F10 அழுத்திச் சேமித்தேன். விண்டோஸ் எந்தக் குறையும் இல்லாமல் திறந்தது, எல்லாக் கோப்பும் அப்படியே இருந்தன. 11-ஆம் எண் கணினிக்கும் பேட்டரியும் இந்த ஒரு வரி மாற்றமும் போதுமாக இருந்திருக்கும். அதை நினைத்தால் இன்றும் ஆறவில்லை.

நடப்பது இதுதான். பேட்டரி தீர்ந்ததும் பயாஸ் தன் அமைப்புகளை மறந்து, ஆரம்ப நிலைக்குப் போய்விடுகிறது. எங்கள் மதர்போர்டில் ஆரம்ப நிலை IDE, விண்டோஸ் போட்டதோ AHCI-யில். வீட்டுக் கணினியில் பிளக்கில் மின்சாரம் இருக்கும்வரை இந்த பேட்டரிக்குப் பெரிய வேலை இல்லை. பள்ளியிலோ தினமும் சாயங்காலம் மெயினையே அணைக்கிறோம், மே மாதம் முழுவதும் அணைத்தே கிடக்கிறது. அத்தனை நேரமும் கடிகாரத்தை ஓட்டுவது இந்தச் சின்ன பேட்டரிதான். அதனால் இங்கே சீக்கிரம் தீர்ந்துபோகிறது.

குறிப்பில் எழுதியிருப்பது: ஒவ்வொரு ஜனவரியிலும், செய்முறைத் தேர்வுக்கு முன், 22 பேட்டரியையும் மல்டிமீட்டரில் 20 வோல்ட் டிசி அளவில் வைத்துப் பார். புதியது 3 வோல்ட்டுக்குச் சற்று மேலே காட்டும். 2.8-க்குக் கீழே இறங்கியிருந்தால் தேர்வு வரை தாங்குமா என்று யோசிக்காமல் மாற்றிவிடு. மாற்றும்போது பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனைச் சில நொடி அழுத்தி, பெட்டியின் இரும்பைத் தொட்டுவிட்டு அப்புறம் கை வை. பிளஸ் பக்கம் மேலே. போட்டவுடன் பயாஸுக்குள் போய்த் தேதியையும் SATA Mode-ஐயும் சரிசெய். ஒவ்வொரு கணினியின் பயாஸ் பக்கங்களையும் போட்டோ எடுத்து ஒட்டிய நோட்டு மேசை இழுப்பறையில் இருக்கிறது.

யுபிஎஸ் பாடத்தை ஒரு ஜூன் மாதம் கற்றேன். பள்ளி திறந்த அன்று 11 யுபிஎஸ்ஸில் 6 எழவில்லை. ஏப்ரல் கடைசியில் மெயினை அணைத்துவிட்டுப் போனதுதான் காரணம். உள்ளே இருக்கும் 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி ஈயபேட்டரி சும்மா இருந்தாலும் தானாகவே சார்ஜை இழக்கும், கோடை வெயிலில் இன்னும் வேகமாக. காலியாகக் கிடந்தால் தகடுகளில் சல்பேட் படிந்து, பிறகு சார்ஜே ஏறாது. அடுத்த வருடத்திலிருந்து விடுமுறைக்கு முன் முழு சார்ஜ் ஏற்றி, யுபிஎஸ்ஸை அதன் சுவிட்சிலேயே அணைத்துவிட்டுப் போனேன். மே மாத நடுவில் ஒரு நாள் வந்து, 8 மணி நேரம் மெயினைப் போட்டு வைத்தேன். அதற்கப்புறம் ஒரே ஜூனில் இத்தனை பேட்டரி சேர்ந்து போனதே இல்லை. அந்த ஒரு நாளுக்கு முன்கூட்டியே எச்.எம்.மிடம் அனுமதி எழுதி வாங்கிவிடு தம்பி. ஒரு முறை வாங்காமல் போய், பூட்டிய கேட்டைப் பார்த்துவிட்டு, வந்த பஸ்ஸிலேயே திரும்பினேன்.

ஆயுத பூஜைக்கும் ஒரு வரி எழுதியிருக்கிறேன். பிள்ளைகள் ஆசையாகச் சந்தனம் வைப்பார்கள், வைக்கட்டும். பவர் பட்டனில் மட்டும் வேண்டாம். ஈரச் சந்தனம் இடுக்கில் இறங்கிக் காய்ந்து, பட்டன் அமுங்கியபடியே நின்றுவிடும். கணினியும் பட்டனை யாரோ பிடித்துக்கொண்டிருப்பதாக எடுத்துக்கொண்டு, போட்ட 4, 5 நொடியில் அணைந்துவிடும். பார்த்தால் உள்ளே மின்சாரம் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் போனது மாதிரியே இருக்கும். நான் அப்படி நம்பி ஒரு எஸ்எம்பிஎஸ் வாங்கி மாட்டிய பிறகுதான் பட்டனைக் கவனித்தேன். முன்பக்க பட்டனின் ஒயரைப் போர்டிலிருந்து கழற்றி, போர்டில் அது மாட்டியிருந்த இரண்டு முனையையும் ஸ்க்ரூடிரைவர் நுனியால் சேர்த்து ஒரு கணம் தொட்டுப் பார். கணினி நிலைத்து ஓடினால் குற்றம் பட்டனில்தான்.

உதிரிகளைப் பொறுத்தவரை, அலமாரியின் மேல்தட்டில் சிஆர்2032 பேட்டரி 10, அன்று வாங்கிய எஸ்எம்பிஎஸ் 1, 4 ஜிபி டிடிஆர்3 ரேம் 2, சாட்டா கேபிள் 4, யுபிஎஸ் பேட்டரி 2 இருக்கின்றன. பேட்டரிகளைச் சேர்த்து வாங்கிக் குவிக்க வேண்டாம், அட்டையில் இருக்கும் காலாவதி தேதியைப் பார்த்து வாங்கினால் போதும். ரேம் வாங்கப் போகும்போது பழையதைக் கையோடு எடுத்துப் போ. வெறும் 4 ஜிபி என்று கேட்டால் டிடிஆர்4 கொடுத்துவிடுவார்கள். அதன் வெட்டு வேறு இடத்தில் இருக்கும், நம் போர்டில் இறங்காது. அதற்காக நான் இரண்டு முறை டவுனுக்கு அலைந்தேன்.

பில் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. பட்டன் பேட்டரியையும் ரேமையும் ஒரே பில்லில் வாங்காதே. பேட்டரி நுகர்பொருள் பதிவேட்டுக்கும் ரேம் இருப்புப் பதிவேட்டுக்கும் போக வேண்டும் என்று சொல்லி, ஒரு பில்லை 3 மாதம் அலுவலகத்தில் நிறுத்தி வைத்தார்கள். கடையில் கேட்டால் இரண்டு பில்லாகவே போட்டுத் தருவார்கள்.

வெள்ளிக்கிழமை அந்தத் தம்பி வந்தார். நான்கு பக்கத்தையும் படித்துவிட்டு, "அக்கா, 4-ஆம் நம்பரை நானே திறந்து பேட்டரி மாற்றிப் பார்க்கட்டுமா?" என்று கேட்டார். மல்டிமீட்டர் 2.7 காட்டியது. மாற்றினார், பயாஸுக்குள் போனார், தேதியைச் சரிசெய்தார், F10-ல் விரல் வைத்தவர் நிறுத்தி, நோட்டைப் புரட்டி SATA Mode வரியைத் தேடினார். விண்டோஸ் திறந்ததும் இருவரும் ஒப்படைப்புப் பட்டியலில் கையெழுத்துப் போட்டோம். 9 பேட்டரி மீதி என்று மேல்தட்டுக் கணக்கை அவரே திருத்தி எழுதினார்.