கல்லாறுக்கு முன்னால் ஒரு பள்ளம்

நியூமெரிக்கல் மெத்தட்ஸ் அசைன்மென்ட்டுக்கு ஐந்து புள்ளிகள் வழியாகப் போகும் நான்காம் படிப் பல்லுறுப்புக்கோவை ஒன்றை மேட்லாபில் கண்டுபிடிக்க வேண்டும். தரவு நம் விருப்பம். எங்கள் வீடு குன்னூரில் என்பதால் மலை ரயில் பாதையையே எடுத்துக்கொண்டேன். மேட்டுப்பாளையம், கல்லாறு, ஹில்குரோவ், குன்னூர், ஊட்டி. தூரத்தையும் உயரத்தையும் தோராயமாக முழு எண்ணாக்கிக்கொண்டேன்.

முதலில் தூரத்தையும் மீட்டரில் போட்டேன். விடையோடு ஒரு எச்சரிக்கை வந்தது: `Matrix is close to singular or badly scaled.` கூடவே `RCOND` என்று 10-இன் அடுக்கு −19 அளவில் ஒரு எண். பயந்துபோய் பக்கத்து வீட்டு அக்காவிடம் காட்டினேன். அவர் பொறியியல் முடித்தவர். "46000-ஐ நாலாம் அடுக்குக்கு உயர்த்தினா எவ்வளவு வரும், பாருடா" என்றார். 4-க்குப் பின்னால் பதினெட்டு இலக்கங்கள். தூரத்தின் அடுக்குகளை நிரல்களாக வைத்துத் தீர்க்கும் அதே அணியின் கடைசி நிரலிலோ வெறும் 1. சமன்பாடுகளில் குறையில்லை, அலகுதான் பிரச்சினை. கிலோமீட்டருக்கு மாற்றினேன்:

```matlab
x = [0 8 18 28 46];            % கி.மீ.
h = [330 400 1090 1710 2200];  % மீட்டர்
c = vander(x) \ h';
t = linspace(0,46,200);
plot(x,h,'o', t,polyval(c,t))
```

எச்சரிக்கை போய்விட்டது. `h'` என்பதில் உள்ள அந்த ஒற்றைக் குறியை மறந்தால் அணிகளின் அளவு பொருந்தவில்லை என்று பிழை வரும். கெழுக்கள் கிடைத்ததுமே எழுதிக் கொடுத்துவிடலாம் என்றுதான் இருந்தேன். நல்லவேளை, வரைபடமும் கேட்டிருந்தார்கள்.

ஐந்து வட்டங்கள் வழியாகவும் கோடு சரியாகப் போயிருந்தது. ஆனால் மேட்டுப்பாளையத்தை விட்டதும் அது கீழே இறங்கியது. 3 கி.மீ. அருகே உயரம் சுமார் 263 மீட்டர், அதாவது மேட்டுப்பாளையத்தைவிட 67 மீட்டர் தாழ்வு! அந்தப் பாதையில் எத்தனையோ முறை போயிருக்கிறேன், அங்கே அப்படி ஒரு பள்ளமே கிடையாது. தட்டச்சுப் பிழையோ என்று எண்களைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்தேன். பிழை இல்லை. மீட்டரில் போட்ட பழைய விடையை வரைந்தாலும் அதே வளைவு, அதே பள்ளம். எச்சரிக்கை வந்த விடையும் வராத விடையும் ஒன்றுதான்.

காரணம் தரையிலேயே இருக்கிறது. கல்லாறு வரை ஏறக்குறைய சமவெளி. அங்கிருந்துதான் பல்சக்கரத் தண்டவாளம் தொடங்கி ரயில் செங்குத்தாக ஏறுகிறது. நான்காம் படி வளைவால் அப்படிச் சட்டென்று திரும்ப முடியாது. கல்லாறுக்குப் பின் வேகமாக ஏற வேண்டுமென்றால் அதற்கு முன்னால் அது கீழே இறங்கித்தான் ஆக வேண்டும். `\` கேட்ட ஐந்து சமன்பாடுகளைச் சரியாகவே தீர்த்தது, இரண்டு புள்ளிகளுக்கு நடுவே என்ன நடக்கிறது என்பது அதன் கணக்கிலேயே வராது.

அப்புறம் அதே படத்தில் இதையும் சேர்த்தேன்:

```matlab
hold on
plot(t, pchip(x,h,t), '--')
```

`pchip` ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனி மூன்றாம் படி வளைவு போடும். தரவு ஏறிக்கொண்டே போனால் வளைவும் ஏறிக்கொண்டே போகும். பள்ளம் மறைந்தது. கேட்டது நான்காம் படி என்பதால் அதையே விடையாக வைத்து, இரண்டு கோடுகளும் உள்ள படத்தை ஒட்டி, பள்ளத்தின் மேல் சிவப்பில் ஒரு வட்டம் போட்டு, கீழே காரணத்தை நான்கு வரியில் எழுதிக் கொடுத்தேன்.