கொலுசுப் பட்டறைக்கு இங்க் டேங்க்கா, லேசரா? பக்கக் கணக்குப் போட்டு வாங்கிய அனுபவம்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வீட்டோடு சேர்ந்த வெள்ளிக் கொலுசுப் பட்டறை. பில், டெலிவரி சலான், கூலிக் கணக்கு, வாடிக்கையாளர்களுக்கான லெட்ஜர் என்று எல்லாம் கருப்பு எழுத்துதான். எப்போதாவது பிள்ளைகளின் பள்ளி வேலைக்குக் கலரும் வேண்டும். இதற்கு எந்தப் பிரின்டர் என்று நாங்கள் முடிவு செய்த விதத்தை இங்கே எழுதுகிறோம்.

முதலில் பார்க்க வேண்டியது பிரின்டரை அல்ல, காகிதத்தை. மாதம் எத்தனை பக்கம் அடிக்கிறீர்கள் என்று கேட்டால் பெரும்பாலோர் குத்துமதிப்பாகத்தான் சொல்வார்கள். வாங்கிய ரீம்களைக் கணக்கிட்டால் உண்மை தெரியும். ஒரு ரீம் 500 தாள். மூன்று மாதத்துக்கு இரண்டரை ரீம் போனால் 1,250 தாள், அதாவது மாதம் சுமார் 400 பக்கம், வருடத்துக்கு 4,800. எங்கள் கணக்கு அதுதான். அதில் முக்கால் பங்கு பில். பொருள் விற்கும்போது ஜிஎஸ்டி பில் மூன்று பிரதி வேண்டும்: வாங்குபவருக்கு ஒன்று, சரக்கு ஏற்றிச் செல்பவருக்கு ஒன்று, நமக்கு ஒன்று. அதனால் எண்ணிக்கை சீக்கிரம் ஏறிவிடுகிறது.

அடுத்தது மை விலை. பெட்டியில் போட்டிருக்கும் பக்க எண்ணிக்கை, தாளில் சுமார் 5 சதவீத இடத்தில்தான் மை படும் என்று வைத்துச் சொல்வது. பத்து பன்னிரண்டு வரியுள்ள சாதாரணக் கடிதம் அந்த அளவு. கட்டம் கட்டமாகக் கோடு, நிழலிட்ட தலைப்பு, பெரிய லோகோ உள்ள பில் அதைப் போல இரண்டு மடங்கு மை குடிக்கும். எனவே பெட்டியில் உள்ள எண்ணைப் பாதியாக்கித்தான் கணக்குப் போட்டோம்.

கடையில் எங்களுக்குச் சொன்ன விலை இது. இங்க் டேங்க்கில் 135 மி.லி. கருப்பு மை பாட்டில் சுமார் 600 ரூபாய், 6,000 பக்கம். பக்கத்துக்கு 10 பைசா; எங்கள் பில்லுக்கு 20 பைசா. லேசரில் டோனர் என்ற மைத்தூள் சுமார் 3,000 ரூபாய், 2,600 பக்கம். பக்கத்துக்கு 1.15 ரூபாய்; எங்கள் பில்லுக்கு 2.30. டோனரும், அந்தத் தூளைத் தாளுக்குக் கடத்தும் டிரம் என்ற உருளையும் தனித்தனியாக வரும் மாடல் அது. டிரம் சுமார் 6,000 ரூபாய், 12,000 பக்கம், ஆகவே இன்னொரு 50 பைசா. டிரம் தேய்வது சுழலுவதால்தான். தாளில் மை கூடினாலும் குறைந்தாலும் இந்தச் செலவு மாறாது. ஒவ்வொரு பக்கமாகக் கொடுத்து அடித்தால் மட்டும் சீக்கிரம் தேயும்.

வருடத்துக்கு 4,800 பக்கம் என்றால் மைக்கு 960 ரூபாய், லேசருக்கு 13,440. லேசர் பிரின்டரை இனாமாகத் தந்தாலும் இந்த அளவு அடிப்பவருக்கு அது கட்டுபடியாகாது. உங்கள் ஊர்க் கடை விலையை இதே கணக்கில் போட்டுப் பாருங்கள். விலை சற்று மாறினாலும் முடிவு புரளாது.

லேசரில் டோனரை ரீஃபில் செய்து ஓட்டினால் செலவு வெகுவாக இறங்கும், அது உண்மைதான். ஆனால் டிரம்மும் சேர்ந்தே இருக்கும் கார்ட்ரிட்ஜில் புதுத் தூள் போடும்போது கழிவுத் தூள் அறையையும் காலி செய்ய வேண்டும். அதை விட்டுவிட்டால் தாளில் தூள் சிந்தும். மேலிருந்து கீழாக நேர்க்கோடு விழுந்தால் டிரம் கீறியிருக்கும் அல்லது அதைத் துடைக்கும் பிளேடு தேய்ந்திருக்கும். ஒரே புள்ளி ஏறத்தாழ 7.5 செ.மீ. இடைவெளியில் திரும்பத் திரும்ப வந்தால், 24 மி.மீ. விட்டமுள்ள டிரம்மில் ஓரிடத்தில் அடிபட்டிருக்கிறது என்று அர்த்தம். அது டிரம்மின் சுற்றளவு. அதன்பின் ரீஃபில் செய்து பயனில்லை.

மின்சாரமும் பார்க்க வேண்டிய விஷயம். டோனரைத் தாளில் உருக்கி ஒட்ட வைக்க லேசருக்குள் ஒரு சூடான உருளை இருக்கிறது. அது சூடேறும் நொடிகளில் பல நூறு வாட் இழுக்கும். கம்ப்யூட்டருக்கு வைத்திருக்கும் 600 விஏ யுபிஎஸ் அதைத் தாங்காது. இங்க் டேங்க் அச்சடிக்கும்போதுகூடப் பத்துப் பதினைந்து வாட் அளவில்தான் எடுக்கும். கரண்ட் போன நேரத்திலும் பில் போட்டாக வேண்டிய இடத்தில் இது பெரிய வசதி.

இங்க் டேங்க் என்று முடிவானதும், எந்த மை என்ற கேள்வி வந்தது. எங்களுக்கு இதுதான் முக்கியம். பட்டறையில் மெருகு போட்டுக் கழுவிய ஈரக் கையோடு சலானைத் தொடுவார்கள். சில மாடல்களில் கருப்பு உட்பட நான்கு மையும் சாயக் கரைசல்தான். தண்ணீர் பட்டதும் எழுத்து ஊறிப் பரவிவிடும். சிலவற்றில் கருப்பு மட்டும் நிறமித் துகள் கலந்த மை. காய்ந்தபின் நீர் பட்டாலும் எழுத்து நிற்கும். பாட்டில் லேபிளில் பிக்மென்ட் என்று இருக்கிறதா பாருங்கள். அதைவிட நல்ல வழி, கடையில் சாதாரணத் தாளில் ஒரு பக்கம் அடித்து வாங்கி, சில நிமிடம் காயவிட்டு, எழுத்தின்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு விரலால் தேய்ப்பது. நிறமிக் கருப்பு உள்ள மாடலாகவே வாங்கினோம். அதிலும் கலர் லோகோ ஈரத்தில் கரையும், ஆகவே சலானில் லோகோவையும் கருப்பாக்கிவிட்டோம்.

தானாக இருபக்கமும் அடிக்கும் வசதிக்குக் கூடுதலாகச் சில ஆயிரம் கேட்டார்கள். ஒரு தாள் ஏறத்தாழ 60 பைசா. மையைவிடத் தாளுக்குத்தான் செலவு அதிகம், அதனால் அந்த வசதி லாபம் என்று தோன்றும். ஆனால் பில்லின் மூன்று பிரதியும் மூன்று பேரிடம் போகிறது, பின்பக்கத்தில் எதையும் அடிக்க முடியாது. மிஞ்சியது மாதம் 100 பக்க லெட்ஜர். அதில் 50 தாள் மிச்சம், அதாவது 30 ரூபாய். அந்த வசதியை வேண்டாம் என்றோம். புத்தகம் போலக் குறிப்புகள் அடிக்கும் டியூஷன் சென்டருக்கு இதே கணக்கு நேர்மாறாக வரும்.

மாதக்கணக்கில் பிரின்டரைத் தொடாதவர்களுக்கு எங்கள் முடிவு பொருந்தாது. சேலத்து சித்திரை வெயிலில் சும்மா கிடந்தால் மை தெளிக்கும் ஹெட்டின் நுண்துளைகளில் மை காய்ந்துவிடும். திறக்க ஹெட் கிளீனிங் கொடுக்கக் கொடுக்க மை கழிவுப் பஞ்சுக்குப் போகும்; பஞ்சு நிறைந்தால் பிரின்டர் நின்றுவிடும். அப்படிப்பட்ட வீட்டுக்கு லேசரே சரி, டோனர் காயாது. ஏற்காட்டில் மழை மாதங்களில் லேசர் வைத்திருப்பவர்கள் தாளைக் கவனிக்க வேண்டும். ஈரம் உறிஞ்சிய தாள் சூட்டில் சுருண்டு சிக்கும். பிரித்த ரீமை உறையோடு மூடி வைத்து, தேவைக்கு மட்டும் ட்ரேயில் வையுங்கள்.

இங்க் டேங்க் வந்ததும் ஊழியர்களுக்குச் சொன்னவை மூன்றுதான். சுவர் சுவிட்சில் அணைக்கக் கூடாது. பிரின்டரிலுள்ள பட்டனில் அணைத்தால்தான் ஹெட் தன் மூடிக்குள் போய் அமரும், இல்லையென்றால் திறந்தபடி காயும். வாரம் ஒருமுறை நாசில் செக் பக்கம் அடித்து, நான்கு நிறக் கோடும் விட்டுப் போகாமல் இருக்கின்றனவா பார்க்க வேண்டும். டேங்க்கில் கீழ்க்கோட்டைத் தொடும் முன்பே மை ஊற்ற வேண்டும். குழாயில் காற்றுப் புகுந்துவிட்டால் அதை வெளியேற்ற மொத்தக் குழாயையும் மையால் நிரப்பித் தள்ளும் பெரிய கிளீனிங் தேவைப்படும், அதில் வீணாகும் மை பல நூறு பில்லுக்குரியது.