இரண்டு பிரேம் பிந்திய கோலாட்டம்

திருகோணமலையில் ஒரு பாடசாலையின் ஆண்டு விழாவைப் போன வருடம் மூன்று கமெராக்களில் பதிவு செய்து கொடுத்தேன். திறந்தவெளி மேடை. பின்னேரம் தொடங்கி இரண்டே கால் மணித்தியாலம் போனது. மேடைக்கு ஐந்து மீற்றர் கிட்ட ஒரு கமெரா, பக்கவாட்டில் ஒன்று, பிள்ளைகளின் கதிரைகளுக்கெல்லாம் பின்னால் முழு மேடையும் தெரிய ஒன்று. மூன்றையும் செக்கனுக்கு 25 பிரேமில், ஷட்டர் 1/50 செக்கனில் வைத்தேன். நமது மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் என்பதால் மேடை விளக்குகள் படத்தில் துடிக்காமல் இருக்க அதுதான் பாதுகாப்பு. சவுண்ட்காரரின் மிக்சரில் இருந்து வயர் இழுத்து ஒரு ரெக்கோடரிலும் ஒலியைத் தனியாக எடுத்தேன்.

வீட்டில் வந்து எல்லாவற்றையும் டாவின்சி ரிசால்வ் என்ற தொகுப்பு மென்பொருளில் போட்டு, எல்லாக் கமெராக்களையும் ஒன்றாக இணைக்கும் மல்டிகாம் கிளிப் உருவாக்கும்போது Angle Sync என்ற இடத்தில் Sound என்பதைத் தெரிவு செய்தேன். சில நிமிடங்களில் எல்லாம் பொருந்திவிட்டன. ஒலி அலைகளின் மேடுபள்ளம் அப்படியே ஒன்றன்மேல் ஒன்று இருந்தது. சரி, வேலை முடிந்தது என்று வெட்டித் தொகுத்து நடன ஆசிரியைக்குக் காட்டினேன்.

கோலாட்டம் வந்ததும் அவர் நிறுத்தச் சொன்னார். "தம்பி, தூரத்தில இருந்து காட்டுறபோது கோல் முட்டின பிறகுதான் சத்தம் வருது. கிட்டக் காட்டுறபோது சரியா இருக்கு."

அவர் சொன்னது உண்மை. பின் கமெரா ஒலிபெருக்கியில் இருந்து ஏறத்தாழ 28 மீற்றர் தள்ளி நின்றது. நமது ஊர்ச் சூட்டில் ஒலி ஒரு செக்கனுக்குச் சுமார் 350 மீற்றர் போகும். ஆகவே அந்தக் கமெராவின் மைக்குக்குச் சத்தம் 0.08 செக்கன் பிந்தித்தான் போய்ச் சேர்ந்திருக்கிறது. 25 பிரேமில் அது சரியாக 2 பிரேம். படமோ வெளிச்சம், அது உடனே வந்துவிடும். பிந்திய சத்தத்தை ரெக்கோடரின் சத்தத்தோடு பொருத்த, மென்பொருள் அந்தக் கிளிப் முழுவதையும் 2 பிரேம் முன்னுக்கு இழுத்திருக்கிறது. சத்தம் பொருந்தியது, படம் முந்திவிட்டது.

தூரத்தை அளந்து கணக்குப் பார்த்து நகர்த்தலாம்தான். ஆனால் நடுவில் இன்னொரு ஒலிபெருக்கி வைத்திருந்தால் அந்தக் கணக்கு பிழைத்துவிடும். அப்போதுதான் மங்கள விளக்கேற்றிய காட்சியைப் பார்த்தேன். ஸ்ரூடியோத் தம்பி அடித்த ஃபிளாஷ் எல்லாக் கமெராக்களிலும் விழுந்திருந்தது. ஒலியை நம்பாமல் வெளிச்சத்தை வைத்துப் பொருத்த அதைவிட நல்ல அடையாளம் இல்லை.

மல்டிகாம் கிளிப்பை Open in Timeline என்று திறந்தால் ஒவ்வொரு கமெராவும் தனித்தனி வரிசையில் இருக்கும். கிட்ட நின்ற கமெராவுக்கும் ரெக்கோடருக்கும் அரைப் பிரேம் வித்தியாசம்கூட வராது. அதனால் அவை இரண்டையும் ஒலியாலேயே விட்டேன். மற்ற இரண்டையும் கிட்ட நின்ற கமெராவில் ஃபிளாஷ் தெரியும் பிரேமுக்கு நேரே கொண்டுவந்தேன். கிளிப்பைத் தெரிவு செய்து புள்ளி விசையை ஒருதரம் அழுத்தினால் அது ஒரு பிரேம் பிந்தும். பின் கமெராவுக்கு இரண்டு தரம், பக்கக் கமெராவுக்கு ஒரு தரம் தேவைப்பட்டது. ஒரு ஃபிளாஷை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம். 1/50 ஷட்டரில் கமெரா பாதி நேரம்தான் வெளிச்சத்தை வாங்குகிறது. அந்த மற்றப் பாதியில் அடித்த ஃபிளாஷ் பதிவாகாது. சிலது படத்தின் பாதியில் மட்டும் வெள்ளைப் பட்டையாக விழும். நான் நாலு ஃபிளாஷ் பார்த்துத்தான் உறுதி செய்தேன்.

கடைசியில் பரிசளிப்பு. அங்கே ஃபிளாஷுக்குக் குறைவில்லை. பார்த்தால் பின் கமெராவில் மட்டும் ஃபிளாஷ் 4 பிரேம் பிந்தித் தெரிந்தது! மற்றக் கமெராக்களை நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி நிறுத்தி எடுத்தேன், ஆகவே அவை ஒவ்வொரு தரமும் புதிதாகப் பொருந்தின. பின் கமெரா மின்சாரத்தில் செருகி, நிறுத்தாமல் ஓடியது. எந்த இரண்டு கருவிகளின் உள்மணிக்கூடும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. சிறு வித்தியாசம்தான், ஆனால் இரண்டு மணித்தியாலத்தில் சேர்ந்து கண்ணுக்குத் தெரிகிறது.

கிளிப்பின் வேகத்தை மாற்றிச் சரிசெய்ய முயலவில்லை. இவ்வளவு சிறிய வித்தியாசத்துக்கு அது தேவையும் இல்லை. அரை மணித்தியாலத்துக்கு ஒரு பிரேம் என்ற கணக்கு. திரை மூடி அறிவிப்பு நடக்கும் நாலு இடங்களில் பின் கமெராவின் கிளிப்பை வெட்டி, ஒரு பிரேமை அழித்து, மிச்சத்தை முன்னுக்கு இழுத்தேன். மூடிய திரையில் ஒரு பிரேம் போனால் யாருக்கும் தெரியாது.

இந்த வருடம் படம் எடுக்கிற தம்பியிடம் முதலே சொல்லிவைத்தேன்: விளக்கேற்றும்போது நாலைந்து தரம், ஒவ்வொரு நிகழ்ச்சியும் முடிந்து பிள்ளைகள் கும்பிடும்போது இரண்டு தரம் ஃபிளாஷ் அடியுங்கோ என்று.