ஞாயிறு மாலை கேக் 6 மணிக்குப் பிறகுதான்

காரைக்குடியில் ஒரு பழைய வீட்டின் முன்பகுதியில் எங்கள் குடும்பம் உணவகம் நடத்துகிறது. பட்டாலை என்கிற கூரையுள்ள கூடத்தில் மேசைகள், உள்ளே வளவு என்கிற முற்றத்தில் திறந்த வானம், சுற்றிலும் மரத்தூண்கள். "பிள்ளைக்குப் பிறந்தநாள், ஒங்க எடத்துலயே வச்சுக்கலாமா?" என்று கேட்டவர்கள் கூடக்கூட, அதற்கென்று ஒரு பேக்கேஜ் போடலாம் என்று முடிவெடுத்தோம்.

முதல் திட்டம் ஞாயிற்றுக்கிழமை 5 மணியிலிருந்து 7 வரை. வந்தவுடன் ஜூஸும் சிப்ஸும், ஐந்தேகாலுக்குக் கேக், ஆறு மணிக்குப் பிரியாணி. மதியக் கூட்டம் ஓய்ந்து இரவுக் கூட்டம் தொடங்குவதற்குள் முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டிருந்தோம்.

முதல் விழாவிலேயே கணக்கு உடைந்தது. கேக்கை மேசையில் வைத்து மெழுகுவர்த்தியைச் செருகும்போது, பிள்ளையின் ஆச்சி வந்து என் கையைப் பிடித்தார்கள். "இன்னைக்கு நாலரைலேருந்து ஆறு வரைக்கும் ராகு காலமுல்ல? இப்பப் போயி கேக் வெட்டச் சொல்றீகளே." அதற்குமேல் பேச இடமில்லை. ஆறு மணி வரை காத்திருந்தோம். அதற்குள் பிள்ளைகள் ஜூஸைக் குடித்து, சிப்ஸைத் தின்று, அழத் தொடங்கிவிட்டார்கள். ஆறு மணிக்குக் கேக் வெட்டி ஆளுக்கொரு பெரிய துண்டு கொடுத்தார்கள். ஆறரைக்குப் பிரியாணி போட்டபோது ஒரு பிள்ளையும் இரண்டு வாய்க்குமேல் சாப்பிடவில்லை. எடுத்த தட்டுகளில் மிஞ்சிக் கிடந்ததைப் பார்த்து எங்கள் மாஸ்டர் அண்ணன் ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விட்டார். குடும்பம் எட்டரைக்குத்தான் எழுந்தது. வழக்கமாக வருகிறவர்கள் முகப்பில் நின்றுகொண்டிருந்தார்கள்.

அன்றிரவே நாட்காட்டியை எடுத்துவைத்து உட்கார்ந்தேன். ஞாயிறு மதியத்துக்கு மாற்றலாமென்றால் 12 முதல் 1.30 வரை எமகண்டம். 3 முதல் 4.30 வரை குளிகை. குளிகையில் செய்தது திரும்பத் திரும்ப நடக்கும் என்பார்கள், பிறந்தநாளுக்கு அது நல்லதுதான். ஆனால் அந்த நேரத்தில் எங்கள் மதியச் சாப்பாட்டு மேசைகளே காலியாகியிருக்காது. ஆகவே கேக் 6.10 என்பதை அசையாத ஆணியாக அடித்துவிட்டு, மற்றதையெல்லாம் அதைச் சுற்றி மாற்றினோம்.

அழைப்பில் 5 மணி என்றிருந்தால் பாதிப்பேர் ஐந்தரைக்குத்தான் வருகிறார்கள். கேக் வரைக்கும் இருக்கிற நாற்பது நிமிடத்துக்குப் பிள்ளைகளின் பசியை அடக்க வேண்டும், ஆனால் வயிறு நிறைந்துவிடக்கூடாது. என் மனதில் முதலில் வந்தது வெள்ளைப் பணியாரம். பச்சரிசி அளந்து, அதன் தலையில் கோபுரமாக உளுந்து வைத்து, ஊறப்போட்டு அரைக்கிற மாவு அது. செட்டிநாட்டு விருந்தென்றால் அது வேண்டுமென்று ஆசை. மாஸ்டர் அண்ணன்தான் தடுத்தார். வெள்ளைப் பணியாரத்தை எண்ணெயில் ஒவ்வொன்றாகத்தான் ஊற்றி எடுக்க முடியும். அடுத்தது உப்பிவருவதற்குள் முன்னது ஆறித் துவண்டுவிடும். நாற்பது ஐம்பது பேருக்கு அது ஆகாது.

குழிப்பணியாரத்துக்கு மாறினோம். ஒரு விழாவின் கணக்கைச் சொல்கிறேன். 18 பிள்ளைகள், 30 பெரியவர்கள். பிள்ளைக்கு மூன்று, பெரியவருக்கு இரண்டு என்றால் 114. 12 குழிச் சட்டி இரண்டு வைத்தால் ஓர் ஈட்டுக்கு 24, ஈட்டுக்கு ஆறு நிமிடம். ஐந்து ஈட்டில், அரை மணி நேரத்தில் முடிகிறது. 5.20க்கு முதல் ஈடு ஊற்றினால் 5.50க்கு அடுப்பு காலி. ஒரு சட்டி இனிப்பு, ஒரு சட்டி காரம். வெல்லம் சேர்ந்த மாவு சீக்கிரம் கருகும் என்பதால் அந்த அடுப்பு எப்போதும் சிறு தீயில் இருக்க வேண்டும், அதனால் அந்த ஈடு கொஞ்சம் பிந்தும். காரச் சட்டி என்று பேர்தான், மாவில் மிளகாய் கிடையாது. சின்ன வெங்காயமும் கறிவேப்பிலையும் பொடியாக அரிந்து தாளித்துக் கொட்டுகிறோம். ஒரு பிள்ளை மிளகாயைக் கடித்து அழுதால் பக்கத்திலிருக்கிற ஐந்து பேரும் தட்டைத் தள்ளிவிடுகிறார்கள், இதைக் கண்ணால் பார்த்தோம். காரச் சட்னி பெரியவர்கள் மேசைக்கு மட்டும் போகும்.

கேக் வெட்டியவுடன் எல்லோருக்கும் ஒரு வாய் ஊட்டுவதோடு சரி. மீதியை 50 கிராம் துண்டுகளாகப் போட்டு, சின்ன அட்டைப் பெட்டியில் கிளம்பும்போது கையில் கொடுக்கிறோம். கிலோவுக்கு 20 துண்டு, ஆகவே 48 பேருக்கு இரண்டரைக் கிலோ வாங்கச் சொல்கிறோம். இந்த ஒரு மாற்றத்தில்தான் பிள்ளைகள் சாப்பிடவே ஆரம்பித்தார்கள்.

6.30க்கு அவர்களுக்கு முதல் பந்தி: இடியாப்பமும் தேங்காய்ப்பாலும், குட்டி இட்லி, மிளகாயில்லாத கோழி வறுவல். 6.50க்குப் பெரியவர்களுக்கு இட்லி, கோசமல்லி, பரோட்டா, கோழிக் குழம்பு. கடைசியில் சின்னக் கிண்ணத்தில் பால் பணியாரம். பொரித்த உருண்டைகளைப் பந்தி தொடங்கியபிறகுதான் பாலில் போட வேண்டும். ஒருமுறை ஐந்து மணிக்கே போட்டுவைத்தோம். பரிமாறும்போது கரண்டி பட்டதும் கரைந்துபோனது.

விலையையும் மாற்றினோம். முதலில் "20 குழந்தைகளுக்கு இவ்வளவு" என்று மொத்தமாகப் போட்டிருந்தோம். சித்தப்பா, அத்தை, தாத்தா என்று பெரியவர்கள் பிள்ளைகளைவிட அதிகம் வருவது இங்கே இயல்பு, அவர்களுக்கான செலவு எங்கள் தலையில் விழுந்தது. இப்போது பிள்ளைத் தட்டுக்கு ஒரு விலை, பெரியவர் தட்டுக்கு ஒரு விலை. வெள்ளி மாலைக்குள் எண்ணிக்கையை உறுதிசெய்யச் சொல்கிறோம்.

அலங்காரத்தில் எங்களுக்கு எதிரி வெயில். அலங்கரிப்பவர் இரண்டு மணிக்கே வளவில் பலூன் வளைவைக் கட்டினார், மூன்றரைக்குள் பட்டுபட்டென்று வெடித்துத் தீர்ந்தது. இப்போது வளைவைச் சட்டத்தில் பட்டாலைக்குள் கட்டி, வெயில் இறங்கிய பிறகு 5 மணிக்குத் தூக்கி வளவுக்குக் கொண்டுபோகிறோம். தூண்களில் டேப் ஒட்ட விடுவதில்லை, மெருகு உரிந்து வந்துவிடும். பருத்தி நூல்தான். வெடித்த பலூன் துண்டுகளை அங்கேயே பொறுக்க ஒரு தம்பியை நிறுத்தியிருக்கிறோம், தவழ்கிற பிள்ளை வாயில் போட்டு தொண்டையில் சிக்கினால் எடுப்பது கடினம்.

பனி ஸ்ப்ரேக்கு மட்டும் நாங்கள் சம்மதிப்பதே இல்லை. எரிகிற மெழுகுவர்த்திக்கு நேராக அடித்தால் பற்றிக்கொள்ளும், கேக்கைச் சுற்றி நிற்பது பிள்ளைகளின் முகங்கள். தரையில் விழுந்தால் ஆத்தங்குடிக் கல் வழுக்கும், அதன்மேல் பிள்ளைகள் ஓடுவார்கள். சில அப்பாக்கள் கோபித்துக்கொண்டார்கள், அதனால் முன்பணம் வாங்கும்போதே சொல்லிவிடுகிறோம்.

7.30க்கு எழுந்துவிட வேண்டும் என்று வாயால் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 7.15க்குக் கேக் பெட்டிகளை முகப்புத் திண்ணையில் அடுக்கிவைக்கிறோம். பிள்ளைகள் அதைப் பார்த்ததும் தாமாகவே வெளியே இழுத்துக்கொண்டு போகிறார்கள், பெரியவர்கள் பின்னாலேயே வருகிறார்கள். ஏழேமுக்காலுக்கு அடுத்த கூட்டத்துக்கு இலை போட்டாகிறது.

சனிக்கிழமை ராகு காலம் காலை 9 முதல் 10.30 வரைதான். அன்றைக்குக் கேட்பவர்களுக்கு எல்லாவற்றையும் ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி, 5.10க்கே கேக் வெட்டவைக்கிறோம். வெயில் மட்டும் இன்னும் இறங்கியிருக்காது என்பதால், அந்த நாளில் பலூன் வளைவு பட்டாலையை விட்டு வெளியே வருவதில்லை.