7,490 கிலோ லாரியும் ஊர் மாறி வந்த லைசென்ஸும்

ஒரே லாரியை நான்கு நாடுகளில் நிறுத்திப் பாருங்கள். மொத்த எடை 7,490 கிலோ என்று எழுதப்பட்ட சாதாரண ஆறு சக்கர மினி லாரி. பிரிட்டனில் அதை ஓட்ட சி1 வகுப்பு வேண்டும். அங்கே சாதாரண கார் லைசென்ஸ் 3,500 கிலோவோடு நின்றுவிடும். இலங்கையிலும் சி1தான், ஆனால் அங்கே அந்த வகுப்பு 17,000 கிலோ வரை போகும். கனடாவின் ஒன்டாரியோவில் 11,000 கிலோ வரை கார் லைசென்ஸான ஜி போதும். நம் நீலகிரியில், கோத்தகிரியிலோ கூடலூரிலோ, அதே லாரிக்கு எல்.எம்.வி. எனும் இலகு ரக வாகன லைசென்ஸ் போதும்.

இலங்கையிலிருந்து வந்தவர்களும், லண்டன், டொராண்டோ என்று இருந்துவிட்டு மலைக்கு வந்து தோட்டமோ காய்கறி வியாபாரமோ தொடங்குகிறவர்களும் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். பழைய நாட்டின் எண் மனதில் ஊறிக்கிடக்கிறது. அந்த எண் எந்த எடையைக் குறித்தது என்பது மட்டும் மறந்துபோகிறது.

பிரித்துப் பார்க்க வேண்டிய எடைகள் மூன்று: வெற்று எடை, மொத்த எடை, அச்சுச் சுமை. முதலில் வெற்று எடை. வண்டியும் அதோடு வழக்கமாக இருக்கும் சாமான்களும் சேர்ந்தது. ஓட்டுநரும் உதவியாளும் சேராது. ஒரே சேஸிஸில் இரண்டு விதமான பாடி மாற்றிப் போடுவதாக இருந்தால், கனமான பாடியோடு உள்ள எடைதான் கணக்கு. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் இப்படித்தான் சொல்கிறது. பிரிட்டனில் வெற்று எடையில் எரிபொருளைச் சேர்க்க மாட்டார்கள், ஆகவே அங்கே பார்த்துப் பழகிய தாளையும் இங்குள்ள ஆர்.சி.யையும் வரிக்கு வரி ஒப்பிடாதீர்கள்.

மொத்த எடை என்பது இன்றைக்கு வண்டியில் இருக்கும் எடை அல்ல. வண்டியும் சுமையும் சேர்ந்து இவ்வளவு வரை போகலாம் என்று பதிவு அலுவலகம் சான்றளித்து ஆர்.சி.யில் எழுதிய உச்ச வரம்பு அது. காலியாக மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறி வந்தாலும் அதன் மொத்த எடை 7,490தான். 'வண்டி காலிதானே, இறக்கிவிட்டுத்தானே வர்றேன்' என்ற வாதம் லைசென்ஸ் விஷயத்தில் செல்லாது. பெரிய லாரியைக் காலியாக வீட்டுக்கு ஓட்டிவரவும் பெரிய லைசென்ஸ்தான் வேண்டும்.

இப்போது எல்.எம்.வி.யின் வரையறைக்கு வரலாம். அதில் இருப்பது 7,500 கிலோ என்ற ஒரே எண், ஆனால் இரண்டு எடைகளுக்கு. சரக்கு, பயணிகள் ஏற்றும் போக்குவரத்து வாகனத்துக்கும் ஆம்னி பஸ்ஸுக்கும் மொத்த எடை 7,500ஐத் தாண்டக் கூடாது. கார், டிராக்டர், ரோடு ரோலர் இவற்றுக்கு வெற்று எடை 7,500ஐத் தாண்டக் கூடாது. டிராக்டர் தானே சுமை தாங்கும்படி செய்யப்பட்டது அல்ல, இழுப்பதுதான் அதன் வேலை. அதனால் அதற்கு வெற்று எடையைப் பார்ப்பதில் நியாயம் இருக்கிறது. லாரிக்கு வெற்று எடையைப் பார்த்து 'நம்ம வண்டி ஐந்து டன்தானே, எல்.எம்.வி.யில் ஓட்டலாம்' என்று முடிவு செய்வதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. காலியாக ஐந்து டன் இருக்கும் லாரியின் மொத்த எடை பதினோரு டன்னைத் தாண்டுவது சாதாரணம். மொத்த எடை 7,490 என்று போட்ட லாரிகள் சந்தையில் இருப்பது ஏன் என்று இனி சொல்ல வேண்டியதில்லை.

அந்த 7,500 கிலோ கோட்டுக்குள் இருக்கும் சரக்கு வண்டியை ஓட்ட லைசென்ஸில் தனியாக 'டிரான்ஸ்போர்ட்' பதிவு வேண்டுமா என்பது பல ஆண்டுகளாக வழக்கில் இழுபட்ட கேள்வி. விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனங்கள் முதலில் புரட்டுவது ஓட்டுநரின் லைசென்ஸைத்தான். 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு இதை முடித்துவைத்தது: மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட போக்குவரத்து வாகனத்தை எல்.எம்.வி. லைசென்ஸ் உள்ளவர் தனிப் பதிவு இல்லாமல் ஓட்டலாம். அபாயகரமான சரக்குக்கு உள்ள கூடுதல் நிபந்தனைகள் அப்படியே இருக்கின்றன.

கோட்டைத் தாண்டினால் போக்குவரத்து வாகன லைசென்ஸ். வயது 20 ஆகியிருக்க வேண்டும், எல்.எம்.வி. லைசென்ஸ் கையில் வந்து ஓராண்டு ஆகியிருக்க வேண்டும், படிவம் 1ஏ-வில் மருத்துவச் சான்று வேண்டும், ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். வெளிநாட்டில் இருபது வருடம் ஓட்டியவர்கள் அந்த ஓராண்டுக் கணக்கில் ஏமாறுகிறார்கள். சட்டம் ஓட்டுநர் உரிமம் என்று சொல்வது இதே சட்டத்தின்படி இங்கே வழங்கப்பட்டதை மட்டும்தான். ஆகவே வந்த உடனே எல்.எம்.வி. எடுத்துவிடுங்கள், பெரிய வண்டி வாங்கும் எண்ணம் பிறகு வந்தாலும் காலம் ஓடியிருக்கும்.

மூன்றாவது, அச்சுச் சுமை. ஓர் அச்சில் உள்ள சக்கரங்கள் எல்லாம் சேர்ந்து தரையில் இறக்கும் எடை. லைசென்ஸ் வகுப்பின் வரையறையில் இந்தச் சொல்லே கிடையாது. ஆனால் மொத்த எடை எங்கிருந்து பிறக்கிறது என்று பார்த்தால், அச்சுகள் தாங்கக்கூடியதைத் தாண்டி அதை யாரும் எழுதித்தர முடியாது. 2018இல் நான்கு டயர் கொண்ட ஒற்றை அச்சின் வரம்பை 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாக மத்திய அரசு உயர்த்தியபோது, பெரிய லாரிகளின் மொத்த எடையும் கூடவே ஏறியது அதனால்தான். அச்சு மொத்த எடையைத் தீர்மானிக்கிறது, மொத்த எடை லைசென்ஸைத் தீர்மானிக்கிறது.

மலையில் வண்டி ஓட்டுகிறவருக்கு அச்சுச் சுமை இதைவிட நெருக்கமான விஷயம். ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால் விளங்கும். நம் லாரியின் வெற்று எடை 3,290 கிலோ என்று வைத்துக்கொள்வோம்: முன் அச்சில் 1,890, பின் அச்சில் 1,400. அச்சுகளுக்கு இடையே 3.4 மீட்டர். முன் அச்சின் வரம்பு 2,900, பின் அச்சின் வரம்பு 5,100. ஓட்டுநரும் கூட வருபவரும் சேர்ந்து 150 கிலோ. அது ஏறக்குறைய முழுதும் முன் அச்சில் விழும். மொத்தம் 7,490 என்பதால் சரக்குக்கு மிஞ்சுவது 4,050 கிலோ, அதாவது ஐம்பது கிலோ கேரட் மூட்டை 81.

81 மூட்டையையும் பாடி முழுக்கச் சீராகப் பரப்பினால் சுமையின் நடுப்புள்ளி பின் அச்சுக்கு 60 சென்டிமீட்டர் முன்னால் விழும். 4,050ஐ 0.6ஆல் பெருக்கி 3.4ஆல் வகுத்தால் 715. அது முன் அச்சுக்குப் போகும் பங்கு. மீதி 3,335 பின் அச்சுக்கு. முன்னால் 2,755, பின்னால் 4,735. இரண்டும் வரம்புக்குள்.

கேத்தி பள்ளத்தில் நடப்பது வேறு. மழைத் தூறல், அவசரம், பாடிக்குள் முன்வரை நடந்துபோய் அடுக்க யாருக்கும் மனசில்லை. 'அண்ணா, பின்னாடியே ஏத்திக் கட்டிடறோம்' என்று 72 மூட்டையைப் பின்பக்கத்து இரண்டரை மீட்டரில் உயரமாகக் குவித்துவிடுகிறார்கள். ஒன்பது மூட்டை குறைவுதானே என்று ஓட்டுநரும் சும்மா இருக்கிறார். இப்போது நடுப்புள்ளி பின் அச்சுக்கு 30 சென்டிமீட்டர் பின்னால் போய்விட்டது. நெம்புகோல் மாதிரி அது முன் அச்சைத் தூக்குகிறது: 3,600 × 0.3 ÷ 3.4, அதாவது 318 கிலோ. பின் அச்சில் 5,318. முன் அச்சில் 1,722, காலி வண்டியில் ஆள் உட்கார்ந்திருக்கும்போது இருப்பதைவிடக் குறைவு. மொத்தம் 7,040 என்பதால் எடை மேடைச் சீட்டு 450 கிலோ குறைவு என்றே காட்டும். பின் அச்சோ 218 கிலோ அதிகம்.

கேத்தியிலிருந்து மெயின் ரோட்டுக்கு ஏறும்போது இது கையில் தெரியும். நூறு மீட்டருக்கு எட்டு மீட்டர் ஏறும் சரிவில் இன்னொரு 200 கிலோ முன்னிலிருந்து பின்னுக்கு நகரும். ஸ்டியரிங் லேசாகும், கொண்டை ஊசியில் ஒடித்தாலும் முன் சக்கரம் நினைத்த அளவு திரும்பாமல் வெளிப்பக்கம் இழுக்கும். பிறகு பர்லியார் வழியாக இறக்கம். அங்கே பாரம் தாங்கும் பின் டயர்கள் சூடேறும், ஸ்பிரிங் பட்டை வளைவு குறைந்து தட்டையாகியிருக்கும். லாரியைச் சமதளத்தில் நிறுத்தி, பத்தடி தள்ளி நின்று பக்கவாட்டில் பாருங்கள். மூக்கு தூக்கி நின்றால் அச்சுக் கணக்கு தவறியிருக்கிறது.

சரிசெய்ய மூட்டையை இறக்க வேண்டியதில்லை. கடைசியில் இருக்கும் எட்டு மூட்டையைக் கேபினுக்குப் பின்னால், சுமார் மூன்றரை மீட்டர் முன்னே கொண்டுபோனால் பின் அச்சிலிருந்து 410 கிலோ போல முன்னுக்கு வரும். பின்னால் ஏறக்குறைய 4,900 நிற்கும். அரை மணி நேர வேலை.

எடை மேடையில் அச்சை அறிவதும் எளிதுதான், கேட்டால் செய்துதருவார்கள். முன் சக்கரம் மட்டும் மேடையில் ஏறும்படி நிறுத்தி ஒரு எடை, முழு வண்டிக்கு ஒரு எடை, முன் சக்கரம் மறுபக்கம் இறங்கியபின் பின் சக்கரத்துக்கு ஒரு எடை. நியூட்ரலில் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, பிரேக்கை விட்டபின் படிக்க வேண்டும். முதலும் மூன்றாவதும் கூட்டினால் இரண்டாவது வர வேண்டும். நூறு கிலோவுக்கு மேல் வித்தியாசம் வந்தால் மேடைக்கு முன்னும் பின்னும் தரை சமமில்லை என்று அர்த்தம். மலையில் அப்படிப்பட்ட மேடைகள் உண்டு. கீழே சமவெளியில் இன்னொரு முறை போட்டுக்கொள்ளுங்கள்.

ஆர்.சி.யில் எழுதிய மொத்த எடையைத் தாண்டி ஓட்டக் கூடாது என்கிறது சட்டத்தின் 113ஆம் பிரிவு.  அதிக பாரத்துக்கு 194ஆம் பிரிவில் 20,000 ரூபாய், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய், அதிகப்படியை இறக்கும் செலவும் நம் தலையில்.

பழைய லாரி வாங்குகிறவர்களுக்கு இன்னொன்று. பாடிக்கு இரும்புத் தகடு, தார்ப்பாய்க்குக் கம்பி வளைவு, பக்கத்தில் டூல் பெட்டி என்று முந்தைய சொந்தக்காரர் 250 கிலோ கூட்டியிருப்பார். மொத்த எடை வரம்பு அசையாது. ஐந்து மூட்டை இடம் காணாமல் போயிருக்கும். விலை பேசும் முன் காலி வண்டியை எடை மேடையில் ஏற்றி, ஆர்.சி.யில் உள்ள வெற்று எடையோடு ஒப்பிடுங்கள். மாற்றம் பதிவாகாமல் இருந்தால், அதைப் பதிவு செய்துகொடுத்த பிறகே பணம் கொடுங்கள்.